சூரிய உதய டைம்லாப்ஸ்: இன்டர்வலோமீட்டர் அமைப்பதும் காட்சி துடிக்காமல் காப்பதும்

சூரிய உதயத்தை டைம்லாப்ஸ் எடுக்கத் தொடங்குகிற பலரும் முதல் வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, மேகமெல்லாம் அழகா நகருது. ஆனா வானம் மட்டும் ஏன் பழைய டியூப்லைட் மாதிரி துடிக்குது?" ஒரு ஃப்ரேம் சற்று வெளிச்சம், அடுத்தது சற்று இருட்டு, அதற்கடுத்தது மறுபடி வெளிச்சம். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் படத்திலும் குறை தெரியாது. நொடிக்கு 25 படமாக ஓட்டும்போதுதான் துடிப்பு கண்ணை உறுத்துகிறது. இதைத்தான் ஃப்ளிக்கர் என்கிறோம். இதன் காரணங்களில் பெரும்பாலானவற்றை முதல் படம் எடுப்பதற்கு முன்பே அடைத்துவிடலாம்.

இன்டர்வலோமீட்டர் என்பது, சொன்ன இடைவெளியில், சொன்ன எண்ணிக்கை வரை, கேமராவின் ஷட்டர் பட்டனை அழுத்தும் கருவி. கேபிளில் மாட்டுகிற சிறு ரிமோட்டாக இருக்கலாம். பல கேமராக்களில் மெனுவுக்குள்ளேயே இருக்கிறது. வெளிச்சத்தை அளப்பதோ படம் சரியா என்று பார்ப்பதோ அதன் வேலை அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு வெளிச்சம் என்பதைக் கேமராவோ நாமோதான் முடிவு செய்கிறோம். ஃப்ளிக்கரும் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். இடம், கானாடுகாத்தான் பக்கத்து ஊருணி ஒன்றின் மேற்குக் கரை. எதிர்க்கரையில் செட்டிநாட்டு வீடுகள், மேல்மாடக் கைப்பிடிச் சுவரில் சுதைச் சிற்பங்கள், அவற்றுக்குப் பின்னால் வானம். நாள், தை மாத நடு, அதாவது ஜனவரி 25 வாக்கில். அன்றைக்கு இந்தப் பகுதியில் சூரியன் எழுவது காலை 6.37 அளவில். நேர்கிழக்கிலும் அல்ல, அதிலிருந்து தெற்கே சுமார் 20 டிகிரி தள்ளி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. நேர்கிழக்கிலிருந்து வலப்பக்கம் இரண்டு முஷ்டி தள்ளி ஃப்ரேமின் நடுவை வைத்துக்கொள்ளலாம். எழுந்த சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக, கொஞ்சம் வலப்புறம் சாய்ந்து ஏறும். இதே இடத்தில் மே மாத நடுவில் 6 மணிக்கு முன்பே உதயம், அதுவும் நேர்கிழக்குக்கு வடக்கே. அதனால் தையில் பார்த்து வைத்த இடம் சித்திரை, வைகாசியில் உதவாது.

சூரியன் செங்குத்தாக ஏறுவதால் நமக்கு ஒரு விளைவு உண்டு. விடியலின் வெளிச்சம் வேகமாகக் கூடும். சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே இருக்கும் நேரத்திலிருந்து உதயம் வரை இங்கே 22 நிமிடம்தான். லண்டனில் டிசம்பரில் இதற்குச் சுமார் 40 நிமிடம் ஆகும். வெளிநாட்டுப் பாடங்களில் "ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை அமைப்பை மாற்றினால் போதும்" என்று சொல்வதை அப்படியே இங்கே செய்தால் வானம் வெளுத்துப் போய்விடும். நம் ஊரில் தெளிந்த வானத்தில், உதயத்துக்கு முந்தைய அரை மணியில் சுமார் 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பு, என்று கணக்கு வைக்கலாம். உதயத்துக்குப் பின் அந்த வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இப்போது இடைவெளி. 6.10 முதல் 6.55 வரை 45 நிமிடம், அதாவது 2700 நொடி. 6 நொடிக்கு ஒரு படம் என்றால் 450 படங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம் வேகத்தில் 18 நொடி வீடியோ. மேகம் மெதுவாக நகரும் நாளுக்கு 6 நொடி நன்றாக இருக்கும். காற்றடித்து மேகம் விரைந்தால் 3 அல்லது 4 நொடியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மேகம் நகராமல் தாவும். ரா கோப்பு ஒன்றுக்கு 25 முதல் 30 எம்பி என்று கொண்டால் 450 படம் 13 ஜிபி வரை வரும். 32 ஜிபி கார்டு தாங்கும்.

கேபிள் ரிமோட்டின் திரையில் பொதுவாக நான்கு பெயர்கள் இருக்கும்: DELAY, LONG, INTVL, N. DELAY என்பது தொடங்கும் முன் காத்திருக்கும் நேரம், பூஜ்யமாக விடுங்கள். INTVL இடைவெளி, 6 நொடி. N எண்ணிக்கை, 450. LONG என்பது பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பது என்பது. கேமரா பல்ப் முறையில் இருந்தால் மட்டுமே அது எக்ஸ்போஷர் நேரமாகும். நாம் ஷட்டர் வேகத்தைக் கேமராவிலேயே வைப்பதால் LONG-ஐ 1 நொடியில் விட்டுவிடலாம். ஆனால் கேமராவின் டிரைவ் ஒற்றைப் படத்தில் இருக்க வேண்டும். தொடர் படத்தில் இருந்தால், உதயம் நெருங்கி ஷட்டர் வேகமானதும் அந்த ஒரு நொடி அழுத்தலுக்குள் நாலைந்து படங்கள் சேர்ந்து விழும்.

INTVL எதிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். சில கருவிகள் ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை எண்ணும். சில, அழுத்தல் முடிந்த பிறகு எண்ணத் தொடங்கும். வீட்டில் உட்கார்ந்து LONG 1, INTVL 6, N 10 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். முதல் கிளிக்கிலிருந்து பத்தாவது கிளிக் வரை 54 நொடி ஆனால் முதல் வகை. 63 நொடி ஆனால் இரண்டாவது. அதில் 5 என்று வைத்தால்தான் 6 நொடி கிடைக்கும். இது தெரியாமல் போனால் 450 படத்துக்கு 45 நிமிடம் என்ற கணக்கு 52 நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு விதி: எக்ஸ்போஷரும் கார்டில் எழுதும் நேரமும் சேர்ந்து இடைவெளிக்குள் அடங்க வேண்டும். நம் உதாரணத்தில் மிக நீண்ட எக்ஸ்போஷர் 1 நொடிதான், 5 நொடி மிச்சம். இதைக் கெடுக்கக்கூடியது மெனுவில் இருக்கும் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு. அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நீளத்துக்கு ஒரு கறுப்புப் படத்தை எடுத்துக் கழிக்கும். இன்னும் இருட்டில் 4 நொடி எக்ஸ்போஷரோடு தொடங்கினால் 8 நொடி ஆகி, ஒன்றுவிட்டு ஒரு படம் தவறும். ஆகவே அதை அணைத்துவிடுங்கள்.

இனி ஃப்ளிக்கருக்கு வருவோம். துடிப்பில் இரண்டு வகை உண்டு, மருந்தும் வேறு வேறு. ஒன்று ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒழுங்கில்லாமல் நடுங்குவது. மற்றது சில ஃப்ரேம்களுக்கு ஒருமுறை படியிறங்குவது போல வெளிச்சம் சட்டென்று குறைந்து மறுபடி ஏறுவது. முதல் வகையைப் படமெடுக்கும்போதே தடுக்க வேண்டும். இரண்டாவதைத் தடுக்க முடியாது. அதை வீட்டில் கணினியில் சமன் செய்கிறோம்.

நடுக்கத்தின் முதல் காரணம் ஆட்டோ. கேமராவை ஆட்டோ முறையில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது புதிதாக வெளிச்சத்தை அளக்கும். ஊருணியின் மேல் ஒரு கொக்கு பறந்தால், எதிர்க்கரைச் சாலையில் பேருந்து முகவிளக்கோடு திரும்பினால், அந்த ஒரு படத்தில் மட்டும் அளவு மாறும். ஒன்றுமே நடக்காவிட்டாலும் இரண்டு அளவுகளுக்கு நடுவில் நிற்கும்போது கேமரா இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை என்று தாவும். அதனால் மேனுவல் முறை. ஆட்டோ ஐஎஸ்ஓ கூடாது. வொய்ட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்தில் நிலையாக இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் விடியலின் ஆரஞ்சு நிறத்தைக் கேமரா திருத்தித் திருத்தி நிறமே துடிக்கும். நிழலை வெளுப்பாக்கும், முரணைச் சரிசெய்யும் தானியங்கி வசதிகளையும் அணைக்க வேண்டும், அவையும் படத்துக்குப் படம் மாறுபவை. ஃபோகஸை எதிர்க்கரை வீட்டில் பிடித்து மேனுவலுக்கு மாற்றுங்கள். ட்ரைபாடில் நிற்கும்போது பட உறுதிப்படுத்தியும் வேண்டாம்.

எல்லாவற்றையும் மேனுவலில் வைத்த பிறகும் வானம் நடுங்குகிறது என்று பலர் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். அதன் காரணம் லென்ஸுக்குள் இருக்கிறது. நாம் எஃப்/11 என்று வைத்தாலும், படமெடுக்காத நேரத்தில் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் லென்ஸின் அபெர்ச்சர் முழுதாகத் திறந்தே இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அதன் இதழ்கள் மூடி, படம் முடிந்ததும் திறக்கும். அப்படி மூடும்போது ஒவ்வொரு தடவையும் துல்லியமாக ஒரே இடத்தில் நிற்பதில்லை. மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் துளை சிறியதாக இருக்கும்போது அந்த மயிரிழை பெரிதாகத் தெரியும்.

கணக்குப் போட்டால் விளங்கும். கிட் லென்ஸை 18 மிமீ-யில் எஃப்/11-க்கு வைத்தால் துளையின் விட்டம் 18-ஐ 11-ஆல் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 1.6 மிமீ. இதழ்கள் விட்டத்தில் 0.05 மிமீ தவறி நின்றால் துளையின் பரப்பு சுமார் 6 சதவீதம் மாறும். அவ்வளவு வெளிச்சமும் மாறும். தனிப்படத்தில் 6 சதவீதத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மேகமற்ற வானத்தில், அடுத்தடுத்த ஃப்ரேமில், நன்றாகவே தெரியும்.

இதற்கு எளிய வழி லென்ஸை முழுத் திறப்பில் வைப்பது. 18-55 கிட் லென்ஸில் 18 மிமீ-க்கு அது எஃப்/3.5. முழுத் திறப்பில் இதழ்கள் அசையவே வேண்டியதில்லை, ஆகவே தவறவும் வழியில்லை. "முழுசாத் திறந்தா தூரத்து வீடு மங்கிடுமே" என்று பயப்பட வேண்டாம். ஏபிஎஸ்-சி கேமராவில் 18 மிமீ, எஃப்/3.5 அமைப்பில் ஏறக்குறைய 5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தாலே இரண்டரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் போதிய கூர்மையோடு இருக்கும். ஊருணிக்கு அக்கரை அதைவிட எவ்வளவோ தூரம். கையால் திருப்பும் அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸை அடாப்டரில் மாட்டினால் எந்த அளவிலும் துடிப்பு வராது, இதழ்கள் வைத்த இடத்திலேயே நிற்கும். மிரர்லெஸ் கேமராக்களில் சில இதழ்களை மூடியபடியே வைத்திருக்கும், சில ஒவ்வொரு படத்துக்கும் அசைக்கும். உங்களுடையது எந்த ரகம் என்று பார்க்க, எஃப்/11 வைத்து இன்டர்வலோமீட்டரை ஓடவிட்டு, வீட்டுக்குள் லென்ஸின் முன்னாலிருந்து உள்ளே பாருங்கள். இதழ்கள் அசைவது கண்ணுக்குத் தெரியும்.

இதைப் போகும் முன்பே சோதித்தும் விடலாம். நண்பகலில், நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவர் ஒன்றை எஃப்/11-இல் 50 படம், முழுத் திறப்பில் 50 படம் எடுத்து ஓட்டுங்கள். முதல் இரண்டு நொடி துடித்து, அடுத்த இரண்டு நொடி அமைதியாக இருந்தால் குற்றவாளி அபெர்ச்சர்தான். விளக்கு வெளிச்சத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், விளக்கே துடிக்கும்.

அடுத்தது படி. மேனுவலில் பூட்டிவிட்டோம், ஆனால் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறதே? நாம்தான் இடையிடையே குறைக்க வேண்டும். நம் உதாரணத்தில் 6.10-க்குத் தொடக்கம் எஃப்/3.5, ஐஎஸ்ஓ 400, 1 நொடி. 6.55-க்கு முடிவு எஃப்/3.5, ஐஎஸ்ஓ 100, 1/500 நொடி. நடுவில் ஐஎஸ்ஓவில் 2 ஸ்டாப், ஷட்டரில் 9 ஸ்டாப், ஆக 11 ஸ்டாப். டயலின் ஒரு கிளிக் மூன்றில் ஒரு ஸ்டாப் என்பதால் மொத்தம் 33 கிளிக். முதல் 27 நிமிடத்தில் நிமிடத்துக்கு ஒரு கிளிக், அதாவது 9 ஸ்டாப். உதயத்துக்குப் பின் 18 நிமிடத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று வீதம் 6 கிளிக், 2 ஸ்டாப்.

முதலில் ஐஎஸ்ஓவைக் குறைக்கிறேன். ஆறு கிளிக்கில், 6.16-க்குள், 400-லிருந்து 100-க்கு வந்துவிடும். அதன்பின் ஷட்டர் மட்டுமே. 6.37-க்குச் சூரியன் விளிம்பு காட்டும்போது ஷட்டர் 1/125-இல் இருக்கும். அபெர்ச்சரைக் கடைசி வரை தொடுவதில்லை. இந்த நேரக்கணக்கு தெளிந்த வானத்துக்கானது. மூடுபனியோ அடிவானத்தில் மேகமோ இருந்தால் பத்து நிமிடம்கூடத் தள்ளிப்போகும். அதனால் கடிகாரத்தைவிட ஹிஸ்டோகிராமை நம்புங்கள். அதன் வலது முனை சுவரைத் தொடுவதற்கு ஒரு கட்டம் முன்பே கிளிக் செய்ய வேண்டும். கொஞ்சம் இருட்டாக எடுத்த ராவை ஏற்றலாம், வெளுத்துப்போன வானத்தில் மீட்க எதுவும் இருக்காது. சூரிய வட்டம் மட்டும் வெளுப்பதைத் தவிர்க்க முடியாது, அதை விட்டுவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் சூரியன் எழுந்த பின் கண்ணை வியூஃபைண்டரில் வைக்கவே கூடாது, பின்திரையைத்தான் பார்க்க வேண்டும்.

டயலைத் திருப்பும் நேரமும் முக்கியம். ஒரு படம் முடிந்த சத்தம் கேட்டவுடன், அந்த 5 நொடி இடைவெளிக்குள், விரல் நுனியால் ஒரே ஒரு கிளிக். ஊருணிக் கரை செம்மண் மேலே இறுகியிருந்தாலும் அடியில் நெகிழ்ந்திருக்கும். ட்ரைபாடு காலை அழுத்தி ஊன்றாவிட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஃப்ரேம் ஒரு இழை நகரும். அப்போது வீடுகள் குதிக்கும். அதை வெளிச்சத் துடிப்பு என்று நினைத்து மென்பொருளில் எவ்வளவு தேடினாலும் தீராது.

ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு படி விழும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பத்து ஃப்ரேம் மெல்ல வெளிச்சமாகி, பதினோராவதில் மூன்றில் ஒரு ஸ்டாப் இறங்கும். வீடியோவில் அது 0.4 நொடிக்கு ஒருமுறை வரும் ரம்பப் பல். LRTimelapse போன்ற மென்பொருள், எந்தப் படத்தில் ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மாறின என்பதை ரா கோப்பின் தகவலிலிருந்தே படித்து, அதே அளவுக்கு எதிர்த்திருத்தம் செய்து பற்களை மழித்துவிடும். அது கையில் இல்லாதவர்கள் ராவோடு ஜேபெக்கும் சேர்த்து எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ffmpeg-இல் இப்படிச் செய்யலாம்:

```
ffmpeg -framerate 25 -start_number 1201 -i DSC_%04d.JPG \
  -vf "scale=1920:-2,deflicker=size=30" \
  -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p udhayam.mp4
```

1201 என்ற இடத்தில் உங்கள் முதல் படத்தின் எண்ணைப் போடுங்கள். size=30 என்பது 30 ஃப்ரேம்களின் சராசரி வெளிச்சத்தை வைத்து ஒவ்வொரு ஃப்ரேமையும் சமன் செய்யச் சொல்வது. நம் படிகள் பத்து ஃப்ரேமுக்கு ஒன்று என்பதால் மூன்று படிகளாவது அந்தச் சராசரிக்குள் வர வேண்டும் என்று 30 வைத்திருக்கிறேன். இயல்பான மதிப்பான 5-இல் விட்டால் நடுக்கம் தணியும், பல் அப்படியே நிற்கும். மிகப் பெரிதாக, 100 என்று வைத்தால், மேகம் சூரியனை மறைத்து விலகும் உண்மையான வெளிச்ச மாற்றமும் சப்பென்று ஆகிவிடும்.

33 கிளிக் என்றதும் மலைப்பாக இருந்தால், முதல் வீடியோவை ஒரே அமைப்பில் எடுக்கச் சொல்வேன். 6.30 முதல் 6.50 வரை மட்டும், 4 நொடி இடைவெளி, 300 படம், 12 நொடி வீடியோ. 6.45-க்கு எந்த அளவு தேவைப்படுமோ அதை, நம் உதாரணத்தில் எஃப்/3.5, ஐஎஸ்ஓ 100, 1/250 அளவில், தொடக்கத்திலேயே வைத்துவிட்டுக் கேமராவைத் தொடாமல் இருங்கள். ஆரம்பம் மூன்று ஸ்டாப் இருட்டாக, வீடுகள் வெறும் கறுப்பு விளிம்பாகத் தெரியும். பிறகு தானாக விடியும். படியே கிடையாது. முழுத் திறப்பும் சேர்ந்தால் நடுக்கமும் இராது. எனக்கு இந்த முறையில் எடுத்தவைதான் பல நேரம் மற்றதைவிட இயல்பாகப் படுகின்றன, இருட்டு இருட்டாகவே இருந்து வெளுக்கிறது.

எந்த மென்பொருளாலும் தீராத துடிப்பு ஒன்று உண்டு. எதிர்க்கரைத் தெருவிளக்குகள் விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/100-ஐவிட மெதுவாக இருக்கும் வரை பெரிதாகத் தெரியாது. அதைத் தாண்டியதும் ஒவ்வொரு படமும் அந்த ஏற்ற இறக்கத்தின் வெவ்வேறு கணத்தைப் பிடிக்கும். வானம் அமைதியாக இருக்க, விளக்கும் அது விழும் சுவரும் மட்டும் துடிக்கும். ffmpeg ஃப்ரேம் முழுவதின் சராசரியைத்தான் பார்க்கிறது, ஒரு மூலையை அல்ல. நம் வரிசையில் ஷட்டர் 1/100-ஐ எட்டுவது உதயத்தை ஒட்டித்தான், அப்போது வானத்தின் வெளிச்சத்தில் விளக்கு மங்கியிருக்கும். எக்ஸ்போஷரைக் குறைக்கும்போது ஐஎஸ்ஓவை முதலில் இறக்கி ஷட்டரைப் பின்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே அமைப்பில் 1/250-இல் எடுப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஷட்டரை 1/60-க்கு இறக்கி, கூடும் இரண்டு ஸ்டாப்பை லென்ஸின் முன் ஒரு என்டி4 ஃபில்டர் மாட்டிக் கழிக்கலாம். இல்லையென்றால் முந்தைய நாள் விடியலில் வந்து எந்த விளக்குகள் எரிகின்றன என்று பார்த்து, அவை ஃப்ரேமுக்கு வெளியே போகும்படி கரையில் நாலடி நகர்ந்து நிற்பதே போதும்.